மங்கிய மெமரி காட்டை எதால் துடைப்பது? கரையோர வன்னிக்கு ஓர் ஒப்பீடு

வாடைக்காற்று தொடங்கினால் முல்லைத்தீவுக் கரையில் இரும்புக் கதவின் பிணைச்சல் முதல் மோட்டார் சைக்கிள் செயின் வரை துருவேறும். அதே காலத்தில் மெமரி காட்டும் பென் டிரைவும் தகராறு பண்ணத் தொடங்கும். நேற்று வரை வேலை செய்த காட்டைக் கமெரா ஏற்காது. பென் டிரைவைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் வரும், கையை எடுத்தால் போய்விடும். திருப்பிப் பார்த்தால் பளபளத்த தங்கப் பட்டைகள் மங்கி, சிலவேளை ஓரத்தில் வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கும்.

இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். அழிறப்பரால் தேய் என்பார் ஒருவர். பாமசி ஸ்பிரிட் போதும் என்பார் இன்னொருவர். ஸ்பிரே அடி, தேசிக்காய் பூசு என்பவர்களும் உண்டு. புதுக்குடியிருப்பில் நான் இருக்கிற வேலைமேசைக்கு வரும் காட்களில் பாதி, ஏற்கெனவே யாரோ ஏதோ ஒன்றால் தேய்த்தவை. "அண்ணை, நல்லாத் துடைச்சுப்போட்டுத்தான் கொண்டு வந்தனான், இன்னும் எடுக்குதில்லை" என்றுதான் பேச்சே தொடங்கும். எதால் துடைத்தீர்கள் என்று கேட்டால்தான் கதை தெரியும். அந்த மருந்துகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதற்குத்தான் இது.

## பட்டையில் இருப்பது என்ன?

மருந்தைப் பார்க்குமுன் நோயைப் பார்க்க வேண்டும். காட்டின் பட்டை முழுத் தங்கம் அல்ல. அடியில் செம்பு, அதன் மேல் நிக்கல், அதற்கும் மேலே மெல்லிய தங்கப் பூச்சு. அந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமயிரின் தடிப்பே 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரும். விலை குறைந்த காட்களில் தங்கம் இன்னும் மெல்லிது. கண்ணுக்குத் தெரியாத துளைகளும் அதில் இருக்கும்.

தங்கம் தானாகத் துருப்பிடிக்காது. ஆகவே பட்டை மங்கியிருந்தால் அதற்கு மூன்றில் ஒன்றுதான் காரணம். முதலாவது, விரல் எண்ணெயும் வியர்வையும் தூசும் சேர்ந்த படலம். சாய்த்துப் பார்த்தால் விரல் அடையாளம் மாதிரித் தெரியும். இரண்டாவது, கடலுப்பு. ஓரங்களில் வெள்ளைப் பொருக்காகவோ, மழைநாளில் ஈரப் பளபளப்பாகவோ இருக்கும். மூன்றாவது, தங்கத்தின் துளை வழியே வெளியே வந்த அடியுலோகத்தின் அரிப்பு. பச்சை அல்லது நீலப்பச்சைப் புள்ளி என்றால் செம்பு. கருஞ்சாம்பல் திட்டு என்றால் நிக்கல் வெளியே தெரிகிறது.

இந்த மூன்றும் தொடர்ச்சியாகவும் நடக்கும். ஈரக்கை பட்ட காட்டில் உப்பு ஒட்டுகிறது, உப்பு ஈரத்தை இழுக்கிறது, அந்த ஈரத்துக்குள் தங்கமும் செம்பும் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்போது தங்கம் தப்பிக்கொள்ள, செம்பு கரையும். காட்டுக்கு மின் கொடுத்தால் இந்தக் கரைவு இன்னும் விரைவாகும். ஈரமான காட்டை "வேலை செய்யுதோ பாப்பம்" என்று போடக்கூடாது என்பது இதனால்தான்.

கரையோரத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. சுத்தமான சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டும்போதுதான் தானாக நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 வீதமே போதும். எனவே வெயில் எறிக்கும் நாளிலும் பட்டையில் ஒட்டிய கடலுப்பு முழுதாகக் காய்வதில்லை. வவுனியாவில் மேசை லாச்சிக்குள் பல வருடம் கெடாமல் கிடக்கும் காட், கள்ளப்பாட்டிலோ அளம்பிலிலோ ஒரு மாரியிலேயே பச்சை பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

நான் நான்கு விடயம் பார்ப்பேன். அந்த முறை எந்த அழுக்கை எடுக்கும்? தங்கத்தை எவ்வளவு தின்னும்? துடைத்த பிறகு பட்டையில் எதை விட்டுச் செல்லும்? முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கடைகளில் அந்தப் பொருள் கிடைக்குமா?

செலவை நான் கடைசியில்தான் பார்ப்பேன். புதுக் காட் வாங்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் கல்யாணப் படத்தை வாங்க முடியாது. அதனால் எந்த முறையிலும் துடைப்பதன் நோக்கம் காட்டைக் காப்பாற்றுவது அல்ல. ஒரு தடவை ஒழுங்காக வாசிக்க வைத்து, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பதுதான்.

## உலர்ந்த துணி

மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி விரல் எண்ணெய்க்கும் தூசுக்கும் போதும். தங்கத்துக்குக் கேடில்லை, காசும் இல்லை. சாறத் தலைப்பால் துடைப்பவர்களைக் காண்கிறேன். மணலும் உப்பும் இருக்கிற துணி அரம் மாதிரி வேலை செய்யும். உப்புப் பொருக்கு உள்ள காட்டையும் உலரத் துடைக்கக் கூடாது, அந்தப் பொருக்கே தங்கத்தைக் கீறிவிடும்.

## அழிறப்பர்

எல்லோர் வீட்டிலும் இருப்பதும், உடனே பலன் காட்டுவதும் இதுதான். அதனால்தான் இவ்வளவு பேர். இரண்டு தேயில் பட்டை பளபளக்கும், காட்டும் வேலை செய்யும். பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முன்னையதை விட மோசமாகத் திரும்பி வரும்.

அழிறப்பர் தேய்த்து எடுப்பது. படலத்தை மட்டும் எடுத்துவிட்டு நிற்க அதற்குத் தெரியாது, தங்கத்தையும் கொஞ்சம் கொண்டு போகும். பூச்சு ஏற்கெனவே மெல்லிது என்பதால் ஒவ்வொரு தேய்ப்பிலும் துளைகள் பெருகும், அடுத்த மாரியில் செம்பு வெளியே வர வழி அகலும். இந்த முறையின் மறைசெலவு அது. பளபளப்பை இன்று வாங்கி, அரிப்பை நாளைக்குக் கடன் வைக்கிறோம்.

எல்லா அழிறப்பரும் ஒன்று அல்ல. வெள்ளை நிற மென்மையான பிளாஸ்டிக் அழிறப்பர் ஓரளவு சாது. பென்சில் முனையில் வரும் ரோஸ் நிற றப்பரில் உரோஞ்சும் தூள் கலந்திருப்பதுண்டு. பாதி சிவப்பு, பாதி நீலம் என்று வரும் அழிறப்பரின் நீலப் பக்கம் பேனா மையைக் கடதாசியோடு சுரண்டி எடுப்பதற்கென்றே செய்தது. அதைக் காட்டின் பக்கம் கொண்டு போகவே கூடாது.

இன்னும் இரண்டு தொல்லை உண்டு. தேய்க்கும்போது நிலைமின் உருவாகும். வாடைக் காலத்து ஈரக்காற்றில் அது குறைவு, ஆனால் ஏசி அறைக்குள் இருந்து தேய்த்தால் சொல்ல முடியாது. துகள்கள் வேறு. பட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அவை தங்கி, காட்டோடு கமெராவுக்குள் போய், அங்குள்ள சுருள்கம்பியில் ஒட்டிக்கொள்ளும்.

இருந்தும் அழிறப்பருக்கு ஓர் இடம் இருக்கிறது. தண்ணீரும், கீழே சொல்லும் ஐபிஏ என்ற அல்ககோலும் போட்டுப் பார்த்தாயிற்று, கருஞ்சாம்பல் திட்டு அசையவில்லை, உள்ளே வேண்டிய படம் இருக்கிறது, காட்டை இனிப் பாவிக்கப் போவதில்லை. அப்போது வெள்ளை அழிறப்பரின் புது ஓரத்தை வெட்டி எடுத்து, பட்டையின் நீளவாக்கில், ஒரே திசையில், அழுத்தாமல் நாலைந்து தரம் இழுக்கலாம். பின் ஐபிஏயால் துகளைக் கழுவ வேண்டும். அது கடைசி வாசிப்புக்கான வழி. பராமரிப்பு என்று மாதாமாதம் செய்யக் கூடாது.

## ஸ்பிரிட்டும் ஐபிஏயும்

ஐபிஏ என்பது ஐசோபுரொப்பைல் அல்ககோல். போன் திருத்தும் கடைக்காரர் போர்ட் கழுவப் பாவிப்பது. 99 வீதம் என்று போத்தலில் எழுதியிருப்பதே நல்லது. எண்ணெய்ப் படலத்தை நன்றாக எடுக்கும், தங்கத்தைத் தொடாது, ஒன்றும் விடாமல் பறந்துவிடும், காட்டின் பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. எழுத்து அச்சிட்ட பக்கத்தில் மட்டும் தேய்க்காதீர்கள், சில காட்களில் மை மங்கும்.

பாமசி ஸ்பிரிட்டில்தான் சந்தேகம். சில சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோல் காயாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் போன்றவை கலந்திருக்கும். கை கழுவும் சனிட்டைசரில் கிளிசரின் இருக்கும். இவை துடைத்த இடத்தில் ஒட்டும் படலத்தை விட்டுப் போகும், அதில் தூசு பிடிக்கும். கையில் இருப்பது எது என்று அறியப் போத்தலைப் படிப்பதை விட ஒரு சோதனை நல்லது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, துடைக்காமல் காய விடுங்கள். காய்ந்த பிறகு வட்டமோ மங்கலோ தெரிந்தால் அது காட்டுக்கு ஆகாது. சுவடே இல்லாமல் போனால் பாவிக்கலாம்.

ஆனால் கரையோரத்தில் ஐபிஏ தனியாகத் தோற்கும் ஒரு இடம் இருக்கிறது, அதுதான் இங்கே முக்கியமானது. உப்பு அல்ககோலில் கரையாது. நம்பாவிட்டால் ஒரு சிட்டிகை கறியுப்பை 99 வீத ஐபிஏயில் போட்டுக் கலக்கிப் பாருங்கள், அடியில் அப்படியே கிடக்கும். உப்புப் பிடித்த பட்டையை ஐபிஏயால் துடைத்தால் மேலே இருக்கும் எண்ணெய் மட்டும் போகும். உப்பு இடம் மாறும், சிறிது பள்ளத்துக்குள் தள்ளப்படும், ஆனால் காட்டை விட்டுப் போகாது. பளபளப்பாக இருப்பதைப் பார்த்து நாம் திருப்திப்படுவோம், இரவில் ஈரக்காற்று வந்ததும் அந்த உப்பு மீண்டும் நனையும். 70 வீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர் என்பதால் உப்புக் கொஞ்சம் கரையத்தான் செய்யும். ஆனாலும் பெரும்பாலும் பஞ்சில் ஏறாமல் அங்கேயே பரவிக் காயும்.

## முதலில் பற்றரித் தண்ணீர், பிறகு ஐபிஏ

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் என்பதில்தான் கவனம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்புத் தன்மை கூடியது, கேத்திலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அதால் கழுவினால் ஓர் உப்பை எடுத்து இன்னோர் உப்பை வைத்ததாக முடியும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர், எண்ணெய் நிரப்பும் இடங்களிலும் பற்றரிக் கடைகளிலும் போத்தலில் கிடைக்கும். அதில் கரைந்த உப்பு இல்லை, விலையும் அதிகமில்லை. வாங்கும்போது தண்ணீர்தானா என்று கேட்டு, லேபலையும் பாருங்கள். பற்றரிக்கு ஊற்றும் அசிட்டும் அதே தட்டில் அதே மாதிரிப் போத்தலில்தான் நிற்கும்.

வேலை எளிது. காது துடைக்கும் கொட்டன் பட் ஒன்றை வடித்த தண்ணீரில் தோய்த்து, சொட்டு விழாதபடி பிழிந்து, பட்டையின் நீளவாக்கில் உருட்டி எடுக்க வேண்டும். ஒரு தடவை பட்ட பக்கத்தைத் திரும்ப வைக்கக் கூடாது, கரைந்த உப்பு அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று பட் மாற்றிய பிறகு ஐபிஏயில் தோய்த்த பட்டால் அதே மாதிரி. ஐபிஏ இங்கே இரண்டு வேலை பார்க்கும். மிச்சமுள்ள எண்ணெயை எடுக்கும், தண்ணீரோடு கலந்து அதையும் தன்னோடு கொண்டு பறக்கும்.

மறைசெலவு நேரம்தான். மைக்ரோ எஸ்டி காட் பிசினுக்குள் வார்த்தது போல ஒரே துண்டாக இருப்பதால் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் போதும். பெரிய எஸ்டி காட் இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளை ஒட்டிச் செய்தது, ஓர இடுக்கால் தண்ணீர் உள்ளே போகலாம். நன்றாக நனைந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க நிழலில் காய வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், ஹெயார் டிரையர் அடிக்காதீர்கள், ஒட்டு விட்டுப்போகும். அரிசிப் பானைக்குள் போடுவதும் வீண். அரிசி இழுக்கும் ஈரம் கொஞ்சம், விடும் தவிட்டுத் தூள் அதிகம்.

பச்சைப் புள்ளியை இந்த முறை முழுதாக எடுக்காது. மேலே உள்ள பொருக்கு இளகும், அடிக்கறை நிற்கும்.

## கொன்ராக்ட் கிளீனர் ஸ்பிரே

ரேடியோ, டிவி திருத்துபவர்கள் பாவிக்கும் இந்த ஸ்பிரேயில் இரண்டு வகை உண்டு. ஒன்று முழுதாகப் பறந்துவிடும், மற்றது ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். காட்டுக்குப் பறந்துவிடும் வகை, அதிலும் பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை என்று டின்னில் எழுதியிருப்பது மட்டுமே சரி. கடைக்காரர் எடுத்து நீட்டும் சாதாரண டபிள்யூடி-40 கொன்ராக்ட் கிளீனர் அல்ல. ஈரத்தை விரட்டி எண்ணெயை விடுவதற்காகச் செய்தது அது. துருப்பிடித்த நட்டுக்கு நல்லது, காட்டுக்கு வேண்டாம்.

ஸ்பிரேயின் பலம் காட்டில் இல்லை, துளையில் இருக்கிறது. கமெராவின் காட் துளைக்குள்ளும், கொம்பியூட்டரின் யூஎஸ்பி துளைக்குள்ளும் பட் போகாது. கட்டாயப்படுத்தினால் சுருள்கம்பி வளையும். அங்கே பற்றரியைக் கழற்றி, மின்னைத் துண்டித்து, குழாய் முனையால் ஒரு சிறு வீச்சு அடித்துப் பறக்க விடலாம். வெறும் காட்டைத் துடைக்க என்றால் ஐபிஏ செய்வதைத்தான் இதுவும் கூடிய விலைக்குச் செய்யும், உப்பில் அதே மாதிரித் தோற்கும்.

## தேசிக்காய், வினாகிரி, பிளேட், தின்னர்

தேசிக்காயும் வினாகிரியும் பச்சையை உண்மையாகவே கரைக்கும், அதுதான் ஆபத்து. அமிலம் தங்கத்தின் துளைக்குள் இறங்கி அடியிலுள்ள செம்பையும் தொடும், சரியாகக் கழுவாவிட்டால் அங்கேயே தங்கி வேலையைத் தொடரும். பிளேட்டும் சாண்ட் பேப்பரும் தங்கத்தை ஒரே இழுப்பில் முடிக்கும். மைக்ரோ எஸ்டியில் பட்டைகளுக்கு அப்பால் உள்ள கறுப்புப் பூச்சுக்கு அடியில் மெல்லிய இணைப்புகள் ஓடுகின்றன. காட் செத்த பிறகு தரவு மீட்பவர்கள் அவற்றில் கம்பி ஒட்டித்தான் படத்தை எடுக்கிறார்கள். சுரண்டினால் அந்தக் கடைசி வழியும் அடைபடும். தின்னரும் நகப்பூச்சு அழிக்கும் அசிற்றோனும் பென் டிரைவின் பிளாஸ்டிக் ஓட்டை இளக்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| முறை | எடுப்பது | தங்கத்துக்கு | விட்டுச் செல்வது | எப்போது |
|---|---|---|---|---|
| உலர்ந்த துணி | தூசு, விரல் எண்ணெய் | கேடில்லை | ஒன்றுமில்லை | உப்பு இல்லாத காட் |
| அழிறப்பர் | படலம், கருஞ்சாம்பல் திட்டு | தேயும் | துகள் | கடைசி வாசிப்புக்கு மட்டும் |
| ஐபிஏ 99 | எண்ணெய் | கேடில்லை | உப்பு அப்படியே | கடலை விட்டு உள்ளே, வீட்டுக்குள் பாவிக்கும் காட் |
| வடித்த தண்ணீர் + ஐபிஏ | உப்பு, எண்ணெய் | கேடில்லை | அடிக்கறை | கரையோரத்தில் எப்போதும் |
| கொன்ராக்ட் ஸ்பிரே | எண்ணெய், இளகிய அழுக்கு | கேடில்லை | வகையைப் பொறுத்தது | துளைகளுக்கு |
| தேசிக்காய், பிளேட் | பச்சை | போய்விடும் | அமிலம், கீறல் | வேண்டாம் |

## சிலாவத்தைக் கரையில் நனைந்த காட்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னம் சிலாவத்தைக் கடற்கரையில் தீர்த்தம் எடுப்பார்கள். அதைப் படம் பிடித்த முள்ளியவளைத் தம்பி ஒருவர் அலைக்குப் பக்கத்தில் நின்றே, ஈரக்கையோடு காட்டை மாற்றியிருக்கிறார். 64 ஜிபி எஸ்டி காட். அன்றிரவு கமெரா அதை எடுத்தது. சில நாள் கழித்து வேறு வேலைக்குப் போட்டபோது "Card error" என்றது. கழற்றிக் கழற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொண்டு வந்தார்.

முதலில், அதே கமெராவில் இன்னொரு நல்ல காட்டைப் போட வைத்தேன். அது வேலை செய்தது, எனவே துளை முழுதாகக் கெடவில்லை. பிறகு போன் ரோச்சைச் சரித்து அடித்து, உருப்பெருக்கியால் பட்டைகளைப் பார்த்தேன். ஒன்பது பட்டைகளில் ஓரத்து இரண்டில் வெள்ளைப் பொருக்கு. நடுப்பட்டையின் அடியோரத்தில் கடுகை விடச் சிறிய பச்சைப் புள்ளி. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஐந்தாவதாக வரும் அந்தப் பட்டைதான் காட்டுக்கு 3.3 வோல்ட் மின் போகும் வழி. மின் இருக்கும் பட்டை உப்பீரத்தில் முதலில் அரிக்கும் என்பதால், ஈரத்தோடு பல தடவை போட்டு எடுத்திருக்கிறார் என்று விளங்கியது.

எஸ்டி காட்டில் பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வரம்புகள் உண்டு. கொட்டன் பட் தடிப்பு, அதன் நார் வரம்பில் சிக்கும். பல்குத்தும் குச்சியின் முனையில் மூக்குக்கண்ணாடித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, வடித்த தண்ணீரில் தொட்டு, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே, பிளாஸ்டிக் பக்கத்திலிருந்து வெளியோரம் நோக்கி இழுத்தேன். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் புது இடம். வெள்ளை இரண்டாம் இழுப்பில் போய்விட்டது. பச்சை துணியில் இலேசாக ஏறியது, பாதி நின்றது. ஐபிஏயால் முடித்து, அடுத்த நாள் வரை காய விட்டேன்.

வாசிக்கப் போட்டது கமெராவில் அல்ல, விலை குறைந்த யூஎஸ்பி காட் ரீடரில். கெட்டாலும் போவது ரீடர். போடுமுன் காட்டின் பக்கத்திலுள்ள சிறு விசையை LOCK பக்கம் தள்ளினேன், கொம்பியூட்டர் தன்பாட்டுக்கு எதையும் எழுதாமல் இருக்க. காட் வந்தது. முதலில் வேண்டிய தீர்த்தக்கரைக் கோப்புகளை எடுத்து, அவற்றை ஓட்டிப் பார்த்து, பிறகு மற்றதையும் எடுத்தோம்.

இந்த இடத்தில் விண்டோஸ் சிலவேளை "You need to format the disk in drive E: before you can use it" என்று கேட்கும். அப்போது Cancel அழுத்திவிட்டு, காட்டை எடுத்து மறுபடி கழுவுங்கள். அழுக்குப் பட்டையால் தரவு அரைகுறையாக வந்தாலும் இதே வசனம்தான் வரும், காட் உண்மையில் காலியாகியிருக்க வேண்டும் என்றில்லை.

"அப்ப இனிப் பாவிக்கலாமோ அண்ணை?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நின்ற பாதிப் பச்சை, தங்கம் அங்கே திறந்துவிட்டதற்கு அடையாளம். எப்படிக் கழுவினாலும் அடுத்த வாடைக்கு அது திரும்பும், அதுவும் மின் போகும் பட்டையில். அத்தோடு, பச்சை உள்ள காட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தக் கறை கமெராவின் சுருள்கம்பிக்கும் ஒட்டும். காட் மாற்றுவது ஒரு செலவு, துளை மாற்றுவது அதைப் போலப் பல மடங்கு. வெள்ளை மட்டும் இருந்து, கழுவிய பின் பட்டை முழுதும் ஒரே நிறமாகத் தெரிந்திருந்தால், தொடர்ந்து பாவிக்கச் சொல்லியிருப்பேன்.

## பென் டிரைவ் என்றால்

பென் டிரைவில் வெளியே தெரியும் தகரக் கூட்டில் துரு இருந்தால் பயப்பட வேண்டாம், அது கவசம் மட்டுமே. உள்ளே தெரியும் நான்கு பட்டைகளைப் பாருங்கள். ஓரத்து நீளமான இரண்டும் மின்சாரம், நடுவிலுள்ள குட்டையான இரண்டும் தரவு. விளக்கு எரிந்தும் கொம்பியூட்டர் "USB device not recognized" என்று சொன்னால் பெரும்பாலும் நடு இரண்டில் சந்தேகப்படலாம். விளக்கே எரியாவிட்டால் ஓரத்து இரண்டைப் பாருங்கள்.

யூஎஸ்பி 3 டிரைவில் இன்னும் ஐந்து தொடுகைகள் உள்ளே தள்ளி இருக்கும். அவை மட்டும் மங்கினால் டிரைவ் நின்றுபோகாது, பழைய யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறங்கி ஓடும். நிமிடத்தில் ஏறிய கோப்பு திடீரென்று பல நிமிடம் எடுத்தால், டிரைவ் பழுதாகிறது என்று முடிவு கட்டுமுன் அந்த ஐந்தையும் கழுவிப் பாருங்கள். அங்கே குச்சியால் குத்தக் கூடாது, அவை சுருள்தன்மை உள்ளவை. தண்ணீரில் தோய்த்த மெல்லிய தூரிகை, பிறகு ஐபிஏயில் தோய்த்த தூரிகை, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி.

கடலுக்குள்ளோ நந்திக்கடலுக்குள்ளோ விழுந்த பென் டிரைவை வீட்டுக்கு வந்து காய வைப்பதுதான் எல்லோரும் செய்வது. காய்ந்தால் உப்பு உள்ளேயே தங்கும். உப்பு ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசி, பின் வடித்த தண்ணீரில் அலசி, ஓடு கழறுமானால் கழற்றி ஐபிஏயால் போர்ட்டைக் கழுவி, இரண்டு நாள் நிழலில் விடுங்கள். அதுவரை எதிலும் செருகாதீர்கள்.

## காட்டா, துளையா, அடப்டரா?

ஒரு துளையில் எல்லாக் காட்டும் அடம்பிடித்தால் காட்டை எத்தனை தரம் துடைத்தும் பயனில்லை. மைக்ரோ எஸ்டியை அடப்டரில் போட்டுப் பாவிப்பவர்கள் முதலில் அடப்டரை மாற்றிப் பாருங்கள். காட்டை விட அதன் பூச்சுத்தான் மட்டமாக இருக்கும், உள்ளேயுள்ள அதன் தொடுகைகளை நீங்கள் துடைக்கவும் முடியாது. புதிதாக ஒன்று வாங்குவது துடைக்க எடுக்கும் நேரத்தை விட மலிவு.

வைப்பதற்கு, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பையும் போதும். நீல மணி ரோஸ் ஆனால், செம்மஞ்சள் மணி பச்சையானால் அது நிரம்பிவிட்டது. பையிலிருந்து மணிகளைத் தகரத் தட்டில் கொட்டி, 120 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் நிறம் திரும்பும் வரை வைத்தால் மறுபடி பாவிக்கலாம். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியதும் டப்பாவைத் திறக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வெளிச்சூட்டுக்கு வர விடுங்கள். குளிர்ந்த பட்டையில் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும், உப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த வியர்வையே போதும்.